கை தூக்க முடியலை, எந்தத் தசை போச்சு? பிரேக்கியல் பிளெக்சஸ் கேள்விகளில் அடிக்கடி வரும் சந்தேகங்கள்

தஞ்சாவூரில் முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு மாலை நேரத்தில் அனாட்டமி சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் இன்டெர்னல் தேர்வுக்கு முந்தைய வாரம் போன் அடிக்க ஆரம்பிக்கும். கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புப் பின்னல்தான் பிரேக்கியல் பிளெக்சஸ், அதன் படம் எல்லாருக்கும் வரையத் தெரிகிறது. "இந்த இடத்தில் அடிபட்டால் எந்தத் தசை பலவீனமாகும், எந்த அசைவு போகும்" என்று கேட்டால் மட்டும் பேனா நின்றுவிடுகிறது. பிள்ளைகள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன். பாதிக்கு மேல் அப்பர் ட்ரங்க் பற்றியவை. தேர்விலும் அதுதான் அதிகம் வருகிறது, வார்டிலும் அதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

"படம் முழுசா மனப்பாடம் சார், ஆனா கேள்வியைப் பார்த்தா எங்கே ஆரம்பிக்கிறதுன்னே தெரியலை."

படத்தை நீங்கள் ரூட், ட்ரங்க், டிவிஷன், கார்ட், நரம்பு என்று கழுத்திலிருந்து கைக்குப் படித்திருக்கிறீர்கள். கேள்வி கையிலிருந்து கழுத்துக்கு வருகிறது. நம்ம ஊர் ஆட்களுக்கு இது புதிதில்லை. வெண்ணாறு கல்லணையில் பிரிகிறது. அதிலிருந்து தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிகிறது. வெட்டாற்றுப் பாசனத்தில் வயல் காய்கிறது என்று ஒருவர் வந்து சொன்னால், லஸ்கர் முதலில் கேட்பது "வெண்ணாத்துல தண்ணி போவுதா?" என்பதைத்தான். போகிறது என்றால் கோளாறு தென்பெரம்பூரிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. அங்கும் இல்லை என்றால் கல்லணைப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். காய்ந்த வயல் கோளாறு உண்டு என்று மட்டும்தான் சொல்லும். கோளாறு எங்கே என்று சொல்வது தண்ணீர் நிற்கிற வயல்.

அதனால் போன அசைவை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்கிற தசைகள் அத்தனையையும் எழுதுங்கள், ஒன்றோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொன்றின் நரம்பையும் பக்கத்தில் போடுங்கள். அந்த நரம்புகள் எல்லாம் கடைசியாக எந்த இடத்தில் ஒன்றாக இருந்தன என்று பின்னோக்கிப் போங்கள். பிறகு, அதே இடம் வழியாகப் போகிற வேறு தசை ஏதாவது நன்றாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் நீங்கள் அளவுக்கு மேல் மேலே போய்விட்டீர்கள், இறங்கி வாருங்கள்.

ஆற்றுக் கணக்கு ஓரிடத்தில் உதவாது. டெல்டாவில் ஆறு பிரிந்துகொண்டே போகும். பிளெக்சஸில் பிரிந்தவை மறுபடி சேர்கின்றன. அதனால் ஒவ்வொரு தசைக்கும் இரண்டு விலாசம் உண்டு. ஒன்று நரம்பு, இன்னொன்று ரூட். பிரேக்கியோரேடியாலிஸுக்கு நரம்பு ரேடியல், ரூட் சி5, சி6. இந்த இரண்டு விலாசத்தையும் கலக்காமல் வைத்திருந்தால் கீழே வரும் கேள்விகளில் பாதி தானாகவே விழுந்துவிடும்.

"'வீக்'னு கேட்கிறதுக்கும் 'லாஸ்ட்'னு கேட்கிறதுக்கும் நிஜமா வித்தியாசம் இருக்கா, இல்லை சும்மா வார்த்தையா?"

இருக்கிறது. மதிப்பெண் போவதே இங்கேதான். ஓர் அசைவைச் செய்கிற எல்லாத் தசைகளும் போனால் அசைவு போகும். வேறு நரம்பு வழியாக ஒரு தசை மிச்சம் இருந்தாலும் அசைவு பலவீனமாகும், அவ்வளவுதான்.

நான் படிக்கும்போது வைவாவில் இதில் மாட்டியிருக்கிறேன். மஸ்குலோகுட்டேனியஸ் நரம்பு அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். "முழங்கை மடக்க முடியாது சார்" என்றேன். தேர்வாளர் ஒன்றும் பேசாமல் என் கட்டைவிரலை மேலே பார்த்த மாதிரி திருப்பி, "இப்ப மடக்குப்பா" என்று சொல்லிவிட்டு மணிக்கட்டைக் கீழே அழுத்தினார். முன்கையின் கட்டைவிரல் பக்கம் கயிறு மாதிரி ஒரு தசை புடைத்து எழுந்தது. "இது யாரு?" என்றார். பிரேக்கியோரேடியாலிஸ். அதற்கு நரம்பு ரேடியல், மஸ்குலோகுட்டேனியஸ் இல்லை. பைசெப்ஸும் பிரேக்கியாலிஸும் போனாலும் இது மடக்கும், பலம் குறைவாக மடக்கும். அன்றைக்கு எனக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தசை அதற்குப் பிறகு மறக்கவே இல்லை.

"எர்ப்ஸ் பால்சின்னா எந்தெந்தத் தசைன்னு ஒரே மூச்சுல சொல்லுங்களேன்."

ஒரே மூச்சில் சொன்னால் ஒரே மூச்சில் மறந்துபோகும். அசைவாகப் பிடியுங்கள். எர்ப்ஸ் என்பது அப்பர் ட்ரங்க் பாதிப்பு. அப்பர் ட்ரங்க் என்றால் சி5, சி6. அதில் நான்கு அசைவுகள் போகின்றன. கையைப் பக்கவாட்டில் தூக்குவது சுப்ராஸ்பைனேட்டஸும் டெல்டாய்டும். கையை வெளிப்பக்கம் சுழற்றுவது இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரிஸ் மைனரும். முழங்கையை மடக்குவது பைசெப்ஸ், பிரேக்கியாலிஸ், பிரேக்கியோரேடியாலிஸ். உள்ளங்கையை மேலே திருப்புவது பைசெப்ஸும் சுபினேட்டரும்.

கோயிலில் விபூதி வாங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். தோளைக் கொஞ்சம் விரித்து, முழங்கையை மடக்கி, உள்ளங்கையை மேலே காட்டி நிற்கிறோம். அப்பர் ட்ரங்க் போனவரால் முடியாதது கிட்டத்தட்ட இந்த ஒரு காரியம்தான். விரல்களைக் குவித்து விபூதியைப் பிடிப்பது மட்டும் அவருக்கு முடியும், அது சி8, டி1 வேலை.

"அந்தக் கை ஏன் அப்படி ஒரு போஸ்ல தொங்குது? போலீஸ்மேன்ஸ் டிப்னு சொல்றாங்க, காரணம் யாரும் சொல்றதில்லை."

செத்த தசை போஸ் கொடுப்பதில்லை, அதற்கு எதிர்த்தரப்பில் உயிரோடு இருப்பவைதான் கொடுக்கின்றன. தூக்குகிற தசை போய்விட்டதால் கை உடம்போடு ஒட்டித் தொங்குகிறது. பெக்டோராலிஸ் மேஜரின் கீழ்ப்பகுதியும் லாட்டிசிமஸ் டார்சையும் சி7, சி8 பக்கத்திலிருந்து நரம்பு பெறுவதால் அவை கையை உடம்போடு சேர்த்து உள்பக்கம் சுழற்றியும் வைக்கின்றன. சப்ஸ்கேபுலாரிஸ் சி5, சி6 என்பதால் அதுவும் பலவீனமாகத்தான் இருக்கும். ஆனாலும் வெளிப்பக்கம் சுழற்ற ஆளே இல்லாததால் உள்பக்கம் ஜெயிக்கிறது.

முழங்கையில் ட்ரைசெப்ஸ் பெரும்பாலும் சி7 என்பதால் நீட்டிய நிலையிலேயே நிற்கிறது. முன்கையில் ப்ரொனேட்டர் குவாட்ரேட்டஸ் சி8, டி1. அது உள்ளங்கையைப் பின்னால் பார்க்கத் திருப்பிவிடுகிறது. மணிக்கட்டைத் தூக்குகிற எக்ஸ்டென்சார் கார்ப்பி ரேடியாலிஸ் லாங்கஸில் சி6 பங்கு பெரியது, அதனால் மணிக்கட்டு கொஞ்சம் மடங்கி இருக்கும். மொத்தத்தில் முதுகுப்பக்கம் கையைக் காட்டி யாருக்கும் தெரியாமல் மாமூல் வாங்குகிற போஸ். பெயர் வைத்தவர்கள் ஊர் உலகம் தெரிந்தவர்கள்.

"ஒரு கேஸை நீங்களே முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் போட்டுக் காட்டுங்க சார்."

வகுப்பில் நான் வழக்கமாகப் போடுவது இது. இருபத்து நாலு வயதுப் பையன். அறுவடை நேரம், ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காய வைத்திருக்கிறார்கள். இருட்டில் பைக் நெல்லில் ஏறிச் சறுக்குகிறது. வலது தோள் தரையில் இடிக்கிறது, தலை இடதுபக்கம் மடங்குகிறது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலான கோணம் திடீரென்று விரிந்ததால் அங்கே இழுபடுவது மேல் ரூட்கள்தான். அடிபட்ட விதமே பாதி விடை. மறுநாள் வலது கை தொங்குகிறது, எலும்பு முறிவு எதுவும் இல்லை.

பரிசோதிக்கிறோம். தோளைக் காதுக்குத் தூக்கச் சொன்னால் தூக்குகிறான். அது ட்ரபீசியஸ், நரம்பு ஸ்பைனல் ஆக்சசரி, பிளெக்சஸுக்குச் சம்பந்தமே இல்லை. கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னால் உடம்பை வலதுபக்கம் சாய்க்கிறான். பார்க்கக் கை விலகின மாதிரி இருக்கும், ஏமாறாதீர்கள். நிமிர்த்தி நிற்க வைத்தால் ஒரு டிகிரிகூட இல்லை. முழங்கை மடங்கவில்லை. கட்டைவிரலை மேலே வைத்து முயன்றும் பிரேக்கியோரேடியாலிஸ் எழவில்லை. முழங்கையை நீட்டச் சொல்லித் தடுத்தால் நல்ல பலம். மணிக்கட்டைத் தூக்குவதில் கொஞ்சம் பலம் குறைவு. பிடி இறுக்கமாக இருக்கிறது, விரல் நடுவில் வைத்த காகிதத்தை உருவ முடியவில்லை. மேல்கையின் வெளிப்பக்கத்திலும் முன்கையின் கட்டைவிரல் பக்கத்திலும் தொடுஉணர்ச்சி குறைவு. பைசெப்ஸ் ரிஃப்ளெக்ஸ் இல்லை, ட்ரைசெப்ஸ் ரிஃப்ளெக்ஸ் இருக்கிறது.

இப்போது பின்னோக்கிப் போவோம். டெல்டாய்டு ஆக்சிலரி நரம்பு, பைசெப்ஸ் மஸ்குலோகுட்டேனியஸ், பிரேக்கியோரேடியாலிஸ் ரேடியல். மூன்றும் வேறு வேறு நரம்பு. முதலும் மூன்றாவதும் போஸ்டீரியர் கார்ட், நடுவிலது லேட்டரல் கார்ட். ஒரே அடியில் மூன்றும் போக வேண்டும் என்றால் கார்ட் பிரிவதற்கு முன்னாலேயே கோளாறு இருக்க வேண்டும். சுப்ராஸ்பைனேட்டஸும் போயிருக்கிறது, அதன் சுப்ராஸ்கேபுலர் நரம்பு அப்பர் ட்ரங்கிலிருந்தே கிளம்புகிறது. ஆக, ட்ரங்கோ அதற்கு மேலோ. ட்ரைசெப்ஸும் பிடியும் நன்றாக இருப்பதால் சி7, சி8, டி1 தப்பித்தன. மிச்சம் ஒரே கேள்வி, ட்ரங்கா ரூட்டா என்பது. அதற்கு அடுத்த பதில்.

"ட்ரங்க்னாலும் சி5, சி6. ரூட்னாலும் அதே சி5, சி6. பின்னே எப்படிப் பிரிக்கிறது?"

ரூட்டிலிருந்தே, ட்ரங்க் உருவாவதற்கு முன்னால் கிளம்பிவிடுகிற இரண்டு நரம்புகளைக் கேளுங்கள். ராம்பாய்டுகளுக்குப் போகிற டார்சல் ஸ்கேபுலர், அது சி5. செரேட்டஸ் ஆன்டீரியருக்குப் போகிற லாங் தொராசிக், அது சி5, சி6, சி7. இந்த இரண்டும் வேலை செய்தால் கோளாறு அவை கிளம்பிய இடத்துக்குக் கீழே, அதாவது ட்ரங்கில். இரண்டும் போயிருந்தால் ரூட்டில், முதுகெலும்புக்குப் பக்கத்திலேயே. ரூட் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்து வந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டிய இடம் இது. பிய்ந்த ரூட் தானாகச் சேராது. அதனால் மருத்துவருக்கும் இந்தக் கேள்வி முக்கியம்.

புத்தகம் சொல்லாத ஒரு சங்கடம் இங்கே உண்டு. செரேட்டஸைப் பார்க்கச் சுவரைத் தள்ளச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கும். பைக் பையனால் கையைத் தூக்கவே முடியாதே, சுவரை எங்கே தள்ளுவது? அவன் முழங்கையை நீங்கள் தாங்கி, கையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் முன்னாடி தள்ளு" என்று சொல்ல வேண்டும். தோள்பட்டை எலும்பு விலாவோடு ஒட்டி முன்னால் நகர்ந்தால் செரேட்டஸ் இருக்கிறது. அதன் உள்விளிம்பு இறக்கை மாதிரி எழுந்தால் போய்விட்டது. ராம்பாய்டுக்கு இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் சேர்க்கச் சொல்லி, உள்விளிம்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் விரலை வைத்துத் தசை இறுகுகிறதா என்று தொட்டுப் பாருங்கள். நம் பையனுக்கு இரண்டும் இருந்தன. விடை அப்பர் ட்ரங்க்.

"மஸ்குலோகுட்டேனியஸ் போனாலும் பைசெப்ஸ் போவுது, எர்ப்ஸ்லயும் போவுது. எக்ஸாம்ல ரெண்டும் ஆப்ஷன்ல இருந்தா?"

தோளைக் கேளுங்கள். மஸ்குலோகுட்டேனியஸ் மட்டும் போனவர் கையைத் தலைக்கு மேல் தூக்கி முடி வாரிக்கொள்வார். எர்ப்ஸ் உள்ளவரால் பக்கவாட்டில் விலக்கவே முடியாது.

தோளைப் பற்றிக் கேள்வியில் ஒன்றுமே சொல்லவில்லை என்றால் பிரேக்கியோரேடியாலிஸையும் சுபினேட்டரையும் பாருங்கள். என் வைவா கதைதான். மஸ்குலோகுட்டேனியஸில் இரண்டும் தப்பிக்கும், மடக்குவதும் உள்ளங்கை திருப்புவதும் பலவீனமாகும், ஆனால் இருக்கும். சுபினேட்டரைத் தனியாகப் பார்க்க முழங்கையை நீட்டி வைத்துத் திருப்பச் சொல்லுங்கள். அந்த நிலையில் பைசெப்ஸ் அதிகம் உதவாது. உணர்ச்சியிலும் வித்தியாசம் உண்டு. மஸ்குலோகுட்டேனியஸில் முன்கையின் வெளிப்பக்கம் மட்டும் மரத்திருக்கும். எர்ப்ஸில் மேல்கையின் வெளிப்பக்கமும் சேரும்.

"ஆக்சிலரி நெர்வ் போனா முதல் 15 டிகிரி தூக்கலாம்னு ஒருத்தர் சொல்றார், இன்னொருத்தர் அப்படியெல்லாம் இல்லைங்கிறார். எதை எழுதட்டும்?"

தேர்வில் 15 டிகிரியை எழுதுங்கள். சுப்ராஸ்பைனேட்டஸ் ஆரம்பித்து வைக்கும், டெல்டாய்டு 90 வரை கொண்டுபோகும், அதற்கு மேல் ட்ரபீசியஸும் செரேட்டஸும் தோள்பட்டையைச் சுழற்றும். ஆக்சிலரி மட்டும் போனால் ஆரம்பம் இருக்கும், தொடர்ச்சி இருக்காது. அப்பர் ட்ரங்க் போனால் ஆரம்பமே இருக்காது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்கத்தான் அந்தக் கேள்வியையே வைக்கிறார்கள்.

இல்லை என்று சொன்னவரும் தப்பாகச் சொல்லவில்லை. தசையில் மின்முனை வைத்துப் பார்த்தவர்கள், இரண்டு தசைகளும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சேர்ந்தே வேலை செய்வதைக் கண்டிருக்கிறார்கள். டெல்டாய்டு முழுக்கப் போன சிலர் 15-ஐத் தாண்டியும் தூக்குகிறார்கள். அதனால் வார்டில் கோணத்தை அளந்து நரம்பை முடிவு செய்யாதீர்கள். தோளின் உருண்டை மேல் கையை வைத்து, தூக்கச் சொல்லும்போது டெல்டாய்டு இறுகுகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

"பிறந்த குழந்தைகிட்ட கையைத் தூக்குன்னு சொல்ல முடியாதே?"

சொல்ல வேண்டாம். தலையைத் தாங்கி லேசாகப் பின்னால் விட்டுப் பிடிக்கும்போது குழந்தை இரண்டு கையையும் விரிக்கும், அதுதான் மோரோ ரிஃப்ளெக்ஸ். பிரசவத்தில் தோள் சிக்கிக் கழுத்து இழுபட்ட குழந்தைக்கு அந்தப் பக்கக் கை விரியாது. அதே உள்ளங்கையில் உங்கள் விரலை வைத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தோள் இல்லை, பிடி உண்டு, ஆகவே அப்பர் ட்ரங்க். பிடியும் இல்லை என்றால் பாதிப்பு கீழ்ரூட்கள் வரைக்கும் போயிருக்கிறது.

"மணிக்கட்டு தொங்குது. ரேடியல் நெர்வா, சி7-ஆ?"

இங்கேதான் முதல் பதிலில் சொன்ன இரண்டு விலாசம் கைகொடுக்கிறது. ட்ரைசெப்ஸ், பிரேக்கியோரேடியாலிஸ் என்று இரண்டு சாட்சிகளைக் கூப்பிடுங்கள். நாற்காலி முதுகில் கையைத் தொங்கப்போட்டு ராத்திரி முழுக்கத் தூங்கியவருக்கு ரேடியல் நரம்பு பெரும்பாலும் ஸ்பைரல் க்ரூவில் நசுங்குகிறது. ட்ரைசெப்ஸுக்குப் போகிற முக்கியக் கிளைகள் அதற்கு மேலேயே பிரிந்துவிட்டதால் முழங்கை நீட்டுவது நன்றாக இருக்கும். பிரேக்கியோரேடியாலிஸின் கிளை அதற்குக் கீழே, அதனால் அது போய்விடும். சி7 ரூட்டில் இது அப்படியே தலைகீழ். ட்ரைசெப்ஸ் பலவீனம், அதன் ரிஃப்ளெக்ஸ் போகும், சி5, சி6 காரரான பிரேக்கியோரேடியாலிஸ் ஜம்மென்று இருக்கும்.

இன்னொரு குறிப்பு. சி7 மட்டும் போனால் மணிக்கட்டு முழுசாகத் தொங்காது, சி6 மிச்சம் இருக்கிறதே. முழுசாகத் தொங்கினால் நரம்பைச் சந்தேகியுங்கள். மணிக்கட்டை மடக்குவதும் பலவீனமாக இருந்தால் சி7 பக்கம் சாயுங்கள், ஏனென்றால் ஃப்ளெக்சார் கார்ப்பி ரேடியாலிஸ் மீடியன் வழியாகச் சி7 வாங்குகிறது. ரேடியலுக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. இரண்டு சாட்சிகளும் போய், டெல்டாய்டும் சேர்ந்து போயிருந்தால் போஸ்டீரியர் கார்டைப் பாருங்கள்.

"தென்னை மரத்துலேர்ந்து விழுந்தவர் மட்டையைப் பிடிச்சுத் தொங்கினாராம், இப்ப விரல் மடங்கிக்கிட்டு இருக்கு. க்ளம்ப்கியா, அல்னாரா?"

கை தலைக்கு மேல் இழுபட்டது என்பதால் க்ளம்ப்கி, அதாவது லோயர் ட்ரங்கின் சி8, டி1 என்று நினைப்பது சரி. உறுதிப்படுத்தக் கட்டைவிரலைப் பாருங்கள். உள்ளங்கையைக் கூரையைப் பார்க்க வைத்து, கட்டைவிரலை நேராகக் கூரையை நோக்கித் தூக்கச் சொல்லுங்கள். அது அப்டக்டர் பாலிசிஸ் ப்ரெவிஸ், நரம்பு மீடியன், ரூட் டி1. அல்னார் மட்டும் போயிருந்தால் இது நன்றாகத் தூக்கும், மோதிரவிரலும் சுண்டுவிரலும்தான் மடங்கியிருக்கும். லோயர் ட்ரங்க் போயிருந்தால் கட்டைவிரலும் எழாது, எல்லா விரல்களும் கொக்கி மாதிரி வளையும்.

தோலும் உதவும். அல்னாரின் மரப்பு மணிக்கட்டோடு நின்றுவிடும். முன்கையின் உள்பக்கத்துக்குத் தனி நரம்பு மீடியல் கார்டிலிருந்து வருகிறது. அங்கேயும் மரத்திருந்தால் கோளாறு அல்னாருக்கு மேலே.

"அப்போ லோயர் ட்ரங்கா மீடியல் கார்டான்னு கேட்டா? ரெண்டுலயும் அல்னாரும் போவுது, கட்டைவிரலும் போவுது, முன்கையும் மரக்குது."

நல்ல கேள்வி, இதைக் கேட்கிறவர் பாஸாகிவிடுவார். லோயர் ட்ரங்கிலிருந்து ஒரு பங்கு பின்னால் போய் போஸ்டீரியர் கார்டில் சேர்கிறது. அது சி8 இழையை ரேடியலுக்குக் கொண்டுபோகிறது. மீடியல் கார்டில் அந்தப் பங்கு கிடையாது. அதனால் ஆள்காட்டி விரலை மட்டும் தனியாக நீட்டச் சொல்லுங்கள். எக்ஸ்டென்சார் இண்டிசிஸ் பலவீனமாக இருந்தால் ட்ரங்க், நன்றாக இருந்தால் கார்ட்.

"க்ளம்ப்கில கண் இமை தொங்கும்னு சில புக்ல இருக்கு, சில புக்ல இல்லை."

அடி எங்கே என்பதைப் பொறுத்தது. கண்ணுக்குப் போகிற சிம்பதெடிக் இழைகள் டி1 ரூட்டில் கொஞ்ச தூரம் மட்டும் பயணித்துவிட்டு, உடனே பிரிந்து கழுத்துச் சங்கிலிக்குப் போய்விடும். ரூட் முதுகெலும்புக்குப் பக்கத்திலேயே பிய்ந்திருந்தால் இமை தொங்கும், கண்ணின் பாவை சுருங்கும், அந்தப் பக்க முகம் வியர்க்காது. ட்ரங்கில் அடிபட்டிருந்தால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. அப்பர் ட்ரங்குக்கு ராம்பாய்டும் செரேட்டஸும் என்ன வேலை செய்தனவோ, அதே வேலையைக் கீழே கண் செய்கிறது.

"சுபினேட்டருக்கு ஒரு புக்ல சி5, சி6, இன்னொண்ணுல சி6, சி7-னு இருக்கு. எதை நம்பறது?"

எதையும் ஒற்றை எண்ணாக நம்பாதீர்கள். ரூட் எண்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் நகரும். சிலருக்குப் பிளெக்சஸே ஒரு படி மேலே நகர்ந்து சி4-இன் பங்கு அதிகமாக இருக்கும், சிலருக்கு ஒரு படி கீழே இறங்கி டி2 சேரும். தேர்வில் உங்கள் கல்லூரி பரிந்துரைக்கிற புத்தகத்தின் எண்ணை எழுதுங்கள். நோயாளியிடம் ஒரே ஒரு தசையின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், இரண்டு மூன்று தசைகள் ஒரே பக்கம் கை காட்ட வேண்டும்.

"டெல்டாய்டும் பைசெப்ஸும் போச்சு, ஆனா கையை வெளிப்பக்கம் சுழற்றுது, தூக்க ஆரம்பிக்குது. ராம்பாய்டும் நல்லா இருக்கு. அப்பர் ட்ரங்க்னு எழுதலாமா?"

எழுதாதீர்கள். தூக்க ஆரம்பிப்பது சுப்ராஸ்பைனேட்டஸ், வெளிப்பக்கம் சுழற்றுவது இன்ஃப்ராஸ்பைனேட்டஸ். இரண்டும் சுப்ராஸ்கேபுலர் நரம்பு, அது ட்ரங்கிலிருந்து கிளம்புகிறது. தண்ணீர் நிற்கிற வயல் இதுதான். ஆகவே கோளாறு அந்தக் கிளை பிரிந்த பிறகு.

அதற்குக் கீழே டெல்டாய்டு பின்பக்கம் போகிறது, பைசெப்ஸ் முன்பக்கம் போகிறது. ஆக, அப்பர் ட்ரங்கின் இரண்டு டிவிஷன்களும் சேர்ந்து போயிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆக்சிலரி, மஸ்குலோகுட்டேனியஸ் என்று இரண்டு நரம்புகள் தனித்தனியாகப் போயிருக்க வேண்டும். பிரேக்கியோரேடியாலிஸைக் கேளுங்கள். டிவிஷன் போயிருந்தால் அதுவும் பலவீனமாகும். அது பலமாக இருந்தால் இரண்டு நரம்புகள்தான், அந்தத் தோள் மூட்டு நழுவியதா என்று நோயாளியைக் கேளுங்கள்.